‘உங்கள் பதிலுக்காக நிற்கிறது’ என்று வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது? ஒரு பாத்ரூம் சங்கனை வைத்து ஒப்பீடு

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறைப் பக்கம் கட்டப்படும் பல வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஊரில் இருப்பதில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார். அப்பாவோ மச்சானோ சைட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார்கள். கட்டி முடியும்வரை, கட்டிக் கொடுக்கும் நாம் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய முடிவுகள் எத்தனையோ வரும். அவற்றில் ஒன்றுக்குப் பதில் வராமல் ஒரு வேலை மட்டும் நின்றுபோனால், அதை அவருக்கு எப்படித் தெரிவிப்பது? போனில் சொல்லலாம், வாய்ஸ் அனுப்பலாம், அப்பாவிடம் சொல்லி அனுப்பலாம், வாரக் கடைசியில் அனுப்பும் விவரத்தில் ஒரு வரி சேர்க்கலாம், தனியாக எழுதியும் அனுப்பலாம். எழுதினாலும் ‘பதில் வராவிட்டால் என்ன செய்வோம்’ என்பதைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது. எது எங்கே சரிப்படும் என்பதை ஒரே ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம்.

நிற்கும் வேலை

தரைத்தளச் சுவர் முடிந்து, மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வரைபடப்படி மாடி பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே, வடமேற்கு மூலையில், 8 அடிக்கு 5 அடி. தளம் போடும்போதே அந்த இடத்தை மட்டும் 10 அங்குலம் தாழ்த்திப் போட வேண்டும். இதுதான் சங்கன். க்ளோசெட்டின் டிராப்பும் கழிவுநீர் பைப்பும் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்தால்தான் பாத்ரூம் தரை மற்ற அறைகளின் மட்டத்துக்கு வரும்.

சென்ட்ரிங் பாதி நடக்கும்போது சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் கேட்கிறார்: “மாடி பாத்ரூமை முன்பக்க பெட்ரூமோட சேத்து வெச்சா என்ன?” வைக்கலாம். ஆனால் அந்த இடம் ஹாலுக்கு மேலே வருகிறது. 10 அங்குலப் பள்ளம் ஹால் சீலிங்கிலிருந்து கீழே தொங்கும். கழிவு பைப் ஏற்கெனவே இருக்கும் டவுன் பைப்புக்குப் போய்ச் சேர 14 அடி ஓட வேண்டும். 40-க்கு 1 என்று சாய்வு கொடுத்தால் அந்த 14 அடியில் 4 அங்குலத்துக்கு மேல் இறங்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டுத்தான் மறைக்க முடியும். பள்ளத்தைச் சுற்றி பீம் வேண்டுமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும்.

அவர் கேட்டார், நாம் விளக்கினோம், “யோசிச்சு சொல்றேன்” என்றார். அதற்குப் பிறகு பதில் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, தளம் போட்டபின் சங்கனை மாற்ற முடியாது என்பது. சங்கன் இல்லாத இடத்தில் பின்னால் பாத்ரூம் வைத்தால் தரையை 9 அங்குலம் உயர்த்த வேண்டிவரும். வாசலில் ஒரு படி வந்துவிடும். 7 அடி கதவு 6 அடி 3 அங்குலமாகிவிடும். வயசான அம்மா ராத்திரியில் ஏறி இறங்க வேண்டிய படி அது. அதனால் இந்த முடிவை அவர் வாயால்தான் வாங்க வேண்டும். யாரும் ஊகித்து முடித்துவிடக் கூடாது.

போன், வாய்ஸ், அப்பா

போன் வேகமானது. எதிர்க்கேள்வி வந்தால் அங்கேயே பதில் சொல்லலாம். சங்கனைப் போல விளக்கம் வேண்டிய விஷயத்துக்குப் போன் பேசாமல் இருப்பது தப்பு. ஆனால் போன் மட்டும் போதாது. அவர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போது பேசியிருப்பார். அவர் மனதில் நிற்பது ‘இன்ஜினியர் பாத்ரூம் பற்றி ஏதோ கேட்டார்’ என்பதுதான். எந்தத் தேதிக்குள், எந்த இடம், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் காற்றோடு போய்விடும். பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் அதையே எழுத்தில் அனுப்பினால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன்.

வாய்ஸ் மெசேஜ் நம் பக்கம் சுலபம். சைட்டில் நின்றபடியே பேசி அனுப்பிவிடலாம். ஆனால் மிக்சர் சத்தத்துக்கு நடுவே இரண்டரை நிமிடம் ஓடும் வாய்ஸில் தேதி எங்கே இருக்கிறது என்று அவர் தேடிக் கேட்க மாட்டார். நாலு நாள் கழித்து நாமே தேடினாலும் கிடைக்காது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்றால் வாய்ஸ் நல்ல துணை. முடிவு கேட்பது எழுத்திலேயே இருக்கட்டும்.

அப்பா வழியாகச் சொல்லி அனுப்புவதுதான் டெல்டாவில் அதிகம் நடப்பது. அதிகம் கெடுவதும் இதில்தான். “தம்பிகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டான், போடுங்க” என்று பெரியவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மகன் எதற்குச் ‘சரி’ சொன்னான் என்பதில்தான் சிக்கல். பழைய இடத்துக்கா, புது இடத்துக்கா, “பேசிக்கலாம், சரி” என்பதற்கா? பெரியவருக்குப் புது இடம் பிடிக்காமலும் இருக்கலாம். பாத்ரூம் பூசை அறைக்கு மேலேயோ அடுப்படிக்கு மேலேயோ வருகிறதென்றால் பல வீடுகளில் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அதனால் அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், மரியாதையாக முன்கூட்டியே சொல்லுங்கள். முடிவை மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடமிருந்தே வாங்குங்கள். “ஐயா, நீங்க சொன்னா எங்களுக்குச் சரிதான். தம்பியும் ஒரு வரி எழுதி அனுப்பிட்டா பின்னால யாருக்கும் குழப்பம் இருக்காது” என்றால் எந்தப் பெரியவரும் கோபிக்க மாட்டார்.

வார விவரத்தில் ஒரு வரி

சிலர் சனிக்கிழமைதோறும் முறையாக விவரம் அனுப்புகிறார்கள். செப்டிக் டேங்க் கட்டு வேலை முடிந்தது, சென்ட்ரிங் ஷீட் முக்கால் பங்கு அடித்தாயிற்று, அடுத்த வாரம் கம்பி என்று போகும் அந்தப் பட்டியலின் ஏழாவது வரியில் ‘மாடி பாத்ரூம் – தங்கள் ஒப்புதலுக்காக நிலுவையில்’ என்று இருக்கும். இது நல்ல பழக்கத்தில் ஒளிந்திருக்கும் தவறு. படிப்பவருக்கு மொத்தமாகக் கிடைக்கும் சேதி ‘வேலை நன்றாக நடக்கிறது’ என்பதுதான். ‘நிலுவையில்’ என்ற சொல் யார் பக்கம் நிலுவை என்று உறைப்பதில்லை. அரசு ஆபீஸில் நிற்கும் ஃபைல் போலக் கேட்கிறது. மேலே ஐந்தாறு நல்ல செய்தி இருக்கும்போது, தன்னால் ஒரு வேலை நிற்கிறது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

வார விவரம் இருக்கட்டும். அதன் கடைசியில் ‘பாத்ரூம் பற்றித் தனியாக அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்’ என்று ஒரு வரி போதும்.

தனிச் செய்தி: கெடு இல்லாமலா, கெடுவோடா?

தனியாக எழுதுவது என்று முடிவாகிவிட்டால் தேர்வு இந்த மூன்றுக்குள் வந்துவிடும். மூன்றையும் வரி வரியாகப் பார்ப்போம்.

முதலாவது: “அண்ணே, பாத்ரூம் விஷயம் நீங்க சொன்னதும் ஆரம்பிச்சுடுவோம்.” பணிவாக இருக்கிறது, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை நின்றுவிட்டது என்ற செய்தியே இதில் இல்லை. இன்னும் ஆரம்பிக்கவே நாள் ஆகவில்லை போல என்றுதான் அவர் நினைப்பார். இப்படி எழுதிவிட்டுப் பத்து நாள் கழித்து “உங்களால்தான் தாமதம்” என்றால், “அப்பவே சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது.

இரண்டாவது: “நீங்க பதில் சொல்லாததால வேலை நிக்குது. வியாழக்கிழமைக்குள்ள சொல்லலன்னா வரைபடத்துல உள்ளபடியே போட்டுடுவோம்.” கெடு இருக்கிறது. பதில் வராவிட்டால் என்ன என்பதும் இருக்கிறது. ஒப்பந்தப்படியும் இதற்கு இடம் உண்டு, கையெழுத்தான வரைபடம் அதுதானே. சுவர் பெயிண்ட் நிறம், சுவிட்ச் போர்டு உயரம், வாசல் கிரில் டிசைன் போன்றவற்றுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்யும். பின்னால் பிடிக்காவிட்டால் கொஞ்சம் செலவில் மாற்றலாம். சங்கனுக்கு இது கூடாது. மாற்றலாமா என்று அவரே வாய்விட்டுக் கேட்ட பிறகு, பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கான்கிரீட் ஊற்றினால், காகிதத்தில் நாம் சரியாக இருப்போம். வீட்டில் ஆயுசுக்கும் மனத்தாங்கல் இருக்கும். தொடக்கமும் இடிக்கிறது. ‘நீங்க பதில் சொல்லாததால’ என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பதில் எழுதுவார். நமக்கு வேண்டிய பதில் பாத்ரூமைப் பற்றியது.

மூன்றாவது, கெடு உண்டு, ஆனால் பதில் வராவிட்டால் தள்ளிப்போவது தேதி மட்டும்தான் என்று சொல்வது: “பதில் வரும்வரை எந்த இடத்திலும் சங்கன் போட மாட்டோம். வியாழன் தாண்டினால் கான்கிரீட் தேதி தள்ளும்.” திருப்பிச் செய்ய முடியாத வேலைக்கு இதுதான் சரி. ‘இல்லாவிட்டால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதுவது என்பதற்கு அளவுகோல் சுலபம். பிடிக்காவிட்டால் உளியும் சுத்தியலும் வைத்துச் சரிசெய்ய முடியும் என்றால் இரண்டாவது முறை. முடியாது என்றால் மூன்றாவது.

கெடு எங்கிருந்து வருகிறது

‘வியாழன்’ என்பதைச் சும்மா போடக் கூடாது. கான்கிரீட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது தானே வந்து நிற்கும். 2025 செப்டம்பர் நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். கான்கிரீட் 24 புதன். அதற்கு முந்தைய நாள் 23 எலக்ட்ரிக் பைப், ஃபேன் பாக்ஸ் வைத்து எல்லாம் சரிபார்க்க. கம்பி கட்ட இரண்டு நாள், 20-ம் 22-ம். நடுவில் 21 ஞாயிறு, மகாளய அமாவாசை. சங்கன் பள்ளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க 19 வெள்ளி. அப்படியானால் பதில் 18 வியாழன் மாலைக்குள் வர வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ‘மற்ற வேலை எல்லாம் நடக்கிறது’ என்று எழுதுவது 18 வரைதான் உண்மை. மிச்சமிருக்கும் ஷீட்டும் பீம் கம்பியும் அதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் தளக் கம்பியைப் பாதி கட்டி நிறுத்த முடியாது, அது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடுவது. ஒரு வேலை நிற்பது மொத்த வேலையும் நிற்பதாக மாறும் நாள் அதுதான். செய்தியில் அந்த நாள் இல்லாவிட்டால், மற்ற வேலை நடக்கிறது என்ற வரி அவருக்குப் பொய்யான நிம்மதியைத் தரும்.

தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதையும் பயமுறுத்தாமல் எழுத வேண்டும். 22 மாலை பதில் வந்தால் பழைய இடத்துக்கு 27-ல் கான்கிரீட் போடலாம். புது இடமென்றால் இன்ஜினியரின் இரண்டு நாளும் சேர்ந்து 30-க்குப் போகும். அன்று அஷ்டமி, மறுநாள் ஆயுத பூசை, அதற்கு மறுநாள் விஜயதசமி. ஆக அக்டோபர் 3-க்கு முன் நடக்காது. இதெல்லாம் சம்பா நடவு நடக்கும் காலம். நம் சைட்டில் வேலை இல்லை என்று இரண்டு நாள் அனுப்பினால் சித்தாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், சென்ட்ரிங் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள்; கூப்பிட்ட அன்றே திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. முட்டும் ஷீட்டும் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வாய்க்கால் கரை ரோட்டில் ஜல்லி லாரி வராது.

இத்தனையையும் செய்தியில் கொட்ட வேண்டாம். தேதி, வாடகை என்ற இரண்டு போதும். வாடகையைப் பொறுத்தவரை, ஓட ஆரம்பிக்கும் முன்னால் சொன்னால் அது தகவல். ஓடிய பின் சொன்னால் சண்டை.

எழுதி அனுப்பும் செய்தி

போனில் பேசிய கையோடு, 13 சனிக்கிழமை இப்படி அனுப்பலாம். தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் சைட் கணக்கை எழுதுங்கள்.

> வணக்கம் அண்ணே. மாடி பாத்ரூம் எந்த இடம் என்று 18 வியாழன் மாலை 6 மணிக்குள் (சிங்கப்பூர் 8.30) உங்கள் முடிவு வேண்டும்.
>
> 1 – வரைபடத்தில் உள்ள இடம், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே. கூடுதல் செலவு இல்லை. கான்கிரீட் 24 புதன்.
>
> 2 – நீங்கள் கேட்ட முன் பெட்ரூம் பக்கம். ஹால் சீலிங்கில் 10 அங்குலம் கீழே தொங்கும், ஃபால்ஸ் சீலிங் போட வேண்டும். கூடுதல் சுமார் 38,000 ரூபாய். இன்ஜினியர் வரைபடம் மாற்ற 2 நாள். கான்கிரீட் 26 வெள்ளி.
>
> இரண்டு இடத்தையும் போட்டோவில் குறித்திருக்கிறேன். அந்த இரண்டு இடத்தில் மட்டும் சென்ட்ரிங் நிறுத்தி வைத்திருக்கிறோம். மற்ற வேலை 18 வரை ஓடும், அதற்கு மேல் தளவேலை முழுதும் நிற்கும். 19-லிருந்து சென்ட்ரிங் வாடகை நாளுக்கு 1,200 ரூபாய் சேரும்.
>
> உங்கள் பதில் வராமல் எந்த இடத்திலும் போட மாட்டோம். தளம் போட்டபின் இதை மாற்ற முடியாது.
>
> 1 அல்லது 2 என்று அனுப்பினால் போதும். ஏதாவது கேட்க வேண்டுமானால் இன்று ராத்திரி 9 மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.

முதல் வரியிலேயே கேள்வியும் தேதியும் இருப்பதற்குக் காரணம், போனைத் திறக்காமலே மேலே தெரிவது அந்த ஒன்றிரண்டு வரிதான். ‘எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா’ என்று ஆரம்பித்தால் அது மட்டும் தெரியும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். நலம் விசாரிப்பதைப் போனிலேயே மனதாரச் செய்துவிடலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம் பின்னால், அங்கே மாலை 4.30 என்று எழுத வேண்டும்.

போட்டோ பற்றியும் ஒரு வார்த்தை. வரைபடத்தின் பிடிஎஃப்-ஐ அப்படியே அனுப்பினால் போனில் பெரிதாக்கிப் பார்த்து யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். சென்ட்ரிங் ஷீட் மேல் சாக்பீஸால் 8-க்கு 5 கட்டம் போட்டு, உள்ளே பெரிதாக 1, 2 என்று எழுதி, மாடியிலிருந்து எடுத்த படம்தான் வேண்டும். ஹாலுக்குள் நின்று, சீலிங் எவ்வளவு இறங்கும் என்று சுவரில் கோடு போட்டு எடுத்த படம் இன்னொன்று. பல நேரம் இந்த இரண்டாவது படத்தைப் பார்த்தவுடன் முடிவு வந்துவிடும்.

பதில் வந்தால், வராவிட்டால்

கேள்வியை 1, 2 என்று பிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ‘முன் பெட்ரூம் பக்கம் வெச்சுடலாமா, இல்ல பழைய இடமே இருக்கட்டுமா?’ என்று கேட்டால் வரும் பதில் “சரி” அல்லது ஒரு கட்டைவிரல். அது எதற்கு? இப்படி எழுதியும் “ஓகே” என்றே வந்தால் அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். “நன்றி அண்ணே. 1-ஆ 2-ஆ?” என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். “நீங்களே பாத்துச் செய்யுங்க” என்பதும் அடிக்கடி வரும் பதில்தான். நம்பிக்கையோடு சொல்வது, ஆனாலும் “என் யோசனை 1. அதையே போடட்டுமா? ‘1’ என்று அனுப்புங்கள்” என்று எழுதி அந்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

16 செவ்வாய் வரை பதில் இல்லாவிட்டால் புதிதாக எழுத வேண்டாம். பழைய செய்தியையே ரிப்ளை எடுத்து “நாளை மறுநாள் மாலை வரை நேரம் இருக்கிறது அண்ணே” என்று ஒரு வரி போடுங்கள், கேள்வியும் படமும் மறுபடி மேலே வரும். அன்று ராத்திரி ஒரு போன். 18 மாலை தாண்டிவிட்டால் சொன்னபடியே நிறுத்த வேண்டும், அதையும் அன்றே ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும்: “19-லிருந்து தளவேலை நிற்கிறது. உங்கள் பதில் வந்த நாளிலிருந்து 1 என்றால் ஐந்தாவது வேலைநாள் கான்கிரீட், 2 என்றால் ஏழாவது வேலைநாள்.” இங்கே சங்கடப்பட்டு, “பரவாயில்லை, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்” என்று மேஸ்திரியைப் பாதிக் கம்பி கட்டச் சொன்னால், அடுத்த முறை நாம் எழுதும் கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எண் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அந்த இடத்துக்குச் சென்ட்ரிங் இறக்கியதும், கம்பி ஏறும் முன்னால், பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் டேப் வைத்துப் படம் எடுத்து அதே உரையாடலில் அனுப்புங்கள்: “நீங்கள் சொன்ன 1. 8 அடி, 5 அடி, ஆழம் 10 அங்குலம். நாளை கம்பி.” மகனுக்கு அனுப்பிய படத்தை அன்று மாலையே அப்பாவிடமும் நேரில் காட்டிவிடுங்கள்.